வாக்கியம் உங்களுடையது, கட்டுரை யாருடையது?

மேடம், நான் பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். ‘ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஏன் பெருகுகிறது?’ என்று ஒரு அசைன்மென்ட். ஏஐ சாட்பாட்டில் கேட்டு, வந்த பதிலை இரண்டு முறை படித்தேன். அப்புறம் அதை மூடிவிட்டு, அரை மணி நேரம் கழித்து, எதையும் பார்க்காமல் நினைவிலிருந்தே 900 சொற்கள் எழுதினேன். ஒரு வரிகூட காப்பி இல்லை. பிளாஜியரிசம் சோதனையில் 2%தான் வந்தது. என் தோழி இதுவும் காப்பிதான் என்கிறாள். புத்தகம் படித்துவிட்டு எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு கோப்புகளையும் இணைத்திருக்கிறேன். அடுத்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும்.

---

இரண்டையும் பிரின்ட் எடுத்து மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான், வாக்கியங்கள் எல்லாம் உங்களுடையவை. பண்ணைகளைப் பற்றிய பத்தி அந்தப் பதிலில் இருப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. சரி, அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டிலும் பத்திகளுக்கு எண் போட்டேன். பதிலில் வருபவை ஆறு: டாக்டர்கள் தேவையில்லாமல் எழுதிக் கொடுப்பது, நோயாளிகள் பாதியில் நிறுத்துவது, பண்ணை விலங்குகளுக்கு மருந்து கொடுப்பது, மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாடு தளர்ந்திருப்பது, புது மருந்துகள் வராதது, கடைசியாகத் தீர்வுகள். உங்கள் கட்டுரையிலும் அதே ஆறு, அதே வரிசையில். பதிலில் இரண்டாவது பத்தியின் முதல் வரியில் பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் வருகிறார். உங்களிடமும் இரண்டாவது பத்தியின் முதல் வரியில்தான் வருகிறார். பதில் ‘ஆயுதப் போட்டி’ என்று முடிகிறது, நீங்கள் ‘முடிவில்லாத ஓட்டப்பந்தயம்’ என்று முடித்திருக்கிறீர்கள். சொல் மாறியிருக்கிறது, உவமை மாறவில்லை.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் திருடவில்லை, ஏமாற்ற நினைக்கவும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையை இப்படியே, எதையும் குறிப்பிடாமல், ‘என் சொந்த வேலை’ என்று கொடுத்தால் அது சரியில்லை. உங்கள் தோழி சொல்லும் ‘காப்பி’ என்ற சொல்லும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை, அது நடந்ததைச் சரியாகச் சொல்வதில்லை.

ஏன் சரியில்லை என்பதற்கு நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1967-ல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு பகுதியை ஒலிப்பதிவில் கேட்க வைத்து, நடுவில் நிறுத்தி, முன்னால் வந்த ஒரு வாக்கியத்தை மறுபடி கொடுத்து, இது அப்படியே வந்ததா, மாறியிருக்கிறதா என்று கேட்டார். வாக்கியம் வந்தவுடனே கேட்டால் எந்தச் சின்ன மாற்றத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இடையில் 80 அசைகள் அளவுக்கு வேறு பேச்சு ஓடிவிட்டால், அதாவது அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, வாக்கியத்தின் வடிவம் மாறியிருப்பது பெரும்பாலும் தெரியவில்லை. ஆனால் அர்த்தம் மாறியிருந்தால் மட்டும் உடனே பிடித்துவிட்டார்கள். மூளை சொற்களைக் கீழே போட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கிறது.

இதை உங்கள் அரை மணி நேரத்தோடு வைத்துப் பாருங்கள். அந்தப் பதிலின் சொற்கள் உங்கள் மனதிலிருந்து போனது நீங்கள் உழைத்ததால் இல்லை, அவை தானாகவே போயிருக்கும். ‘சொந்த வார்த்தைகளில் எழுதினேன்’ என்பதை நாம் பெரிய சாதனையாக நினைத்துக்கொள்கிறோம், பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானே பல வருடம் வகுப்பில் அதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் படித்ததை மூடி வைத்துவிட்டு எழுதுகிற யாருக்கும் சொந்த வார்த்தைகள்தான் வரும், வேறு வழியே இல்லை. தங்கிவிடுவது எலும்புக்கூடு: எதெல்லாம் சொல்லத்தக்கது, எது முதலில், எதற்கு எது காரணம், எந்த எடுத்துக்காட்டு. அந்த எலும்புக்கூட்டின் மேல் நீங்கள் புதுத் தோல் போர்த்தியிருக்கிறீர்கள்.

அந்த 2% எண்ணும் இதனால்தான் எதையும் நிரூபிக்கவில்லை. அந்த மென்பொருள் உங்கள் சொற்தொடர்களை ஏற்கெனவே இருக்கிற எழுத்துகளோடு ஒப்பிட்டு, எங்கே ஒன்றாக இருக்கின்றன என்று பார்க்கிறது. வரிசை யாருடையது, காரண காரியம் யார் யோசித்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த ஏஐ பதிலும் அதன் சேமிப்பில் இருக்கப் போவதில்லை, அது உங்களுக்காக அன்றைக்கு உருவானது. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பியும் இதைத் தீர்க்க முடியாது. ஓப்பன்ஏஐ தன்னுடைய கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது, அதுவும் உங்களைப் போல நினைவிலிருந்து மறுபடி எழுதியதை வைத்துப் பார்க்கும்போது சொல்லவே வேண்டாம்.

புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற இடத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி அதுதான். நீங்கள் இந்தத் தலைப்பில் 300 பக்கப் புத்தகம் ஒன்று படித்திருந்தால், அந்த ஆசிரியர் உங்கள் அசைன்மென்ட் கேள்வியை நினைத்து அதை எழுதியிருக்க மாட்டார். 300 பக்கத்தில் எது இந்தக் கேள்விக்கு வேண்டும், எது வேண்டாம், ஏழாவது அத்தியாயத்தில் உள்ளதையும் இரண்டாவது அத்தியாயத்தில் உள்ளதையும் எப்படிச் சேர்ப்பது, 900 சொல்லுக்குள் எதை வெட்டுவது என்று முடிவு செய்வது உங்கள் தலையில்தான் விழும். அசைன்மென்ட் என்று கொடுத்ததே அந்த வேலையைத்தான். சாட்பாட்டிடம் கேள்வியை அப்படியே கொடுத்தபோது அந்த வேலையைத்தான் அது முடித்துக் கொடுத்தது. தேர்வு, வரிசை, வெட்டு எல்லாம் உங்கள் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்து வந்துவிட்டன. புத்தகத்திலிருந்து நீங்கள் எடுத்திருப்பது துணி, இங்கே எடுத்தது தைத்த சட்டை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. புத்தகம் என்றால் ‘இன்னார் இத்தனையாவது பக்கத்தில் இப்படிச் சொல்கிறார்’ என்று எழுதலாம், படிப்பவர் போய்ப் பார்க்கலாம், தப்பென்றால் சொன்னவர் அதற்குப் பொறுப்பு. இந்தப் பதிலுக்குப் பின்னால் பொறுப்பேற்க யாரும் இல்லை, நாளைக்கு அதே கேள்வியைக் கேட்டால் இதே பதில் வராமலும் போகலாம். நினைவிலிருந்து எழுதியபோது அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், ஆனால் சரிபார்க்காமல். இது சும்மா தத்துவம் இல்லை, உங்கள் இரண்டாவது பத்தியிலேயே நடந்திருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பது இது: ‘ஆன்டிபயாட்டிக்கை அளவுக்கு அதிகமாகப் பயன்படுத்தினால் எதிர்ப்பு உருவாகும் என்று 1945-லேயே ஃபிளெமிங் எச்சரித்தார். கோர்ஸ் முடியாமல் நிறுத்துவதே எதிர்ப்பு பெருக முக்கியக் காரணம்.’ நீங்கள் படித்த பதிலில் ‘எச்சரித்தார்’ என்று மட்டும்தான் இருக்கிறது, ‘அளவுக்கு அதிகமாக’ என்பது நீங்கள் நினைவில் சேர்த்தது, முதல் பத்தியில் டாக்டர்கள் அதிகமாக எழுதிக் கொடுப்பதைப் பற்றி இருந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் 1945 டிசம்பரில் தன் நோபல் உரையில் ஃபிளெமிங் சொன்னது கிட்டத்தட்ட எதிர்த் திசையில் இருக்கிறது. பென்சிலின் கடையில் யாரும் வாங்கலாம் என்ற நிலை வந்தால், விவரம் தெரியாதவர்கள் போதாத அளவில் எடுத்துக்கொள்வார்கள், கிருமி சாகாத அளவில் மருந்தைக் காட்டிக் காட்டி அதற்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவார்கள் என்பதுதான் அவர் பயம். அவர் பயந்தது குறைவான அளவைக் கண்டு.

அடுத்த வாக்கியம், பாதியில் நிறுத்துவதே முக்கியக் காரணம் என்பது, பதிலில் இருந்து அப்படியே வந்தது. இது ரொம்ப நாளாக எல்லோரும் சொல்லி வரும் விஷயம்தான், சாட்பாட் தானாக இட்டுக்கட்டியதில்லை. ஆனால் 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தொற்றுநோய் நிபுணர்கள் சிலர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதாரணத் தொற்றுகளில் சீக்கிரம் நிறுத்துவது எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை, தேவைக்கு மேல் நீண்ட நாள் எடுப்பதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது அவர்கள் வாதம். காரணம் இதுதான்: நோய் உண்டாக்கும் கிருமியோடு சேர்த்து, குடலிலும் தோலிலும் சும்மா குடியிருக்கிற பாக்டீரியாக்களும் அத்தனை நாளும் மருந்தில் நனைகின்றன, அவற்றில் எதிர்ப்பு உள்ளவை பெருகுகின்றன, பிறகு அவை வேறு சமயத்தில் நோயாக வரலாம், மற்றவர்களுக்கும் பரவலாம். காசநோய் போன்றவற்றில் கதை வேறு, அங்கே சிகிச்சையை அரைகுறையாக விட்டால் நோய்க் கிருமியே எதிர்ப்பு பெறும். இந்தக் கட்டுரைக்கு மறுப்புகளும் வந்தன, ஆக விவாதம் நடக்கிற இடம் இது. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், எத்தனை நாள் என்பது டாக்டர் சொல்வது.)

உங்கள் கட்டுரையில் இந்த விவாதத்தின் வாசனைகூட இல்லை, ஏனென்றால் நீங்கள் படித்த பதிலில் இல்லை. வைவாவில் ‘கோர்ஸ் முடிக்காததால் எதிர்ப்பு வருகிறது என்பதற்கு என்ன சான்று?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் ஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நினைவிலிருந்து எழுதியது என்பது எப்போதும் இந்த இடத்தில்தான் வெளியே வரும். மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அழகாக விளக்குவார், அந்த வாக்கியம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் அமைதியாகிவிடுவார். சொந்தமாக யோசித்தவர் தான் எதை விட்டுவிட்டோம் என்பதையும் சொல்வார், அதை ஏன் விட்டோம் என்று சண்டையே போடுவார்.

உங்களை நேர்மையில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். ஹெலன் கெல்லர் 11 வயதில் ஒரு கதை எழுதிப் பார்வையற்றோர் பள்ளி இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. பிறகுதான் மார்கரெட் கான்பி என்பவர் முன்பே எழுதிய ஒரு கதையை அது பெரிதும் ஒத்திருப்பது தெரிந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ அவருக்கு அந்தக் கதையைக் கைவிரல் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை, தன் மனதில் பிறந்ததாகத்தான் முழுமனதோடு நம்பினார். 1892-ல் அந்தச் சிறுமியை உட்கார வைத்து ஒரு குழு விசாரித்ததை இப்போது படித்தால் வயிறு கலங்குகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ‘இது என் யோசனைதான்’ என்ற உணர்வு உண்மையாக இருக்கலாம், ஆனாலும் யோசனை வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். அந்த உணர்வை வைத்து முடிவு செய்யக்கூடாது. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, மூலம் எது என்று தெரியும், கையிலும் இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் போனால் உங்களுக்கும் மறந்துவிடும்.

இப்போது என்ன செய்யலாம்? ஒரு வாரம் இருக்கிறது, போதும். முதலில் நான் செய்ததை நீங்களும் செய்யுங்கள், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வரிசை, எடுத்துக்காட்டு, உவமை, ‘இதனால் அது’ என்று வரும் இணைப்பு எங்கெங்கே ஒன்றாக இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். உங்கள் கட்டுரையில் கோடு விழாமல் தப்பியது எனக்குத் தெரிந்து பண்ணைப் பத்தியின் கடைசி மூன்று வரிகள் மட்டும்தான். அங்கே நீங்கள் வகுப்பில் கேட்ட ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள், அந்த இடம் மட்டும் தொனியே வேறு.

அப்புறம் இரண்டு கோப்புகளையும் மூடிவிட்டு ஃபிளெமிங்கின் உரையைப் படியுங்கள், நோபல் பரிசுத் தளத்தில் கிடைக்கும், அவர் போதாத அளவைப் பற்றிப் பேசுவது கடைசிப் பகுதியில். 2017 கட்டுரையைப் படியுங்கள், அதற்கு வந்த மறுப்பு ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். மொத்தம் ஒரு மாலை நேரம் ஆகும். படிக்கும்போது முழு வாக்கியமாகக் குறிப்பு எடுக்காதீர்கள், நாலைந்து சொல்லில் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் எங்கிருந்து வந்தது என்பதையும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளம் வயதில் நல்ல உரைநடை பழக இப்படித்தான் செய்தார். பிடித்த கட்டுரைகளைப் படித்துச் சின்னச் சின்னக் குறிப்புகளாக எடுத்து, சில நாள் கழித்து அவற்றிலிருந்து மறுபடி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் தவறுகளைத் திருத்துவார். அதைவிட எனக்குப் பிடித்தது, சில சமயம் அந்தக் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்து நல்ல வரிசை எது என்று தானே தேடுவார். வரிசைப்படுத்துவதுதான் யோசிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கவனியுங்கள், அவர் இதைப் பயிற்சியாகத்தான் செய்தார்.

சீட்டுகளை மேஜையில் கலைத்துப் போட்டுவிட்டு, அந்த ஆறு தலைப்பை மறந்துவிட்டு, எது எதோடு மோதுகிறது என்று பாருங்கள். எனக்கு உடனே தெரிவது ஒன்று: ஃபிளெமிங்கின் பயம் குறைவான அளவு, அந்தப் பயத்திலிருந்துதான் ‘முழுக் கோர்ஸ்’ அறிவுரைக்கு வலு வந்தது, அந்த அறிவுரை உடம்பில் சும்மா இருக்கும் மற்ற பாக்டீரியாக்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்த ஒரு இழையை வைத்தே 900 சொல் எழுதலாம், ஆறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் இதை இப்போது நான் சொல்லிவிட்டேன், இதை அப்படியே எடுத்தால் அது என்னுடையதாகிவிடும், பழைய சிக்கல்தான்! எனவே வேறு மோதலைத் தேடுங்கள், அந்தப் பண்ணைப் பத்தியின் மூன்று வரியில் ஏதோ இருக்கிறது.

முழுதாக மாற்ற நேரமில்லை, பழைய அமைப்பையே வைத்துத் தவறுகளை மட்டும் திருத்திக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் துறையின் விதியை முதலில் பாருங்கள். ஏஐ கூடவே கூடாது என்று இருந்தால், அந்த அமைப்பில் எழுதியதைக் கொடுக்கவே முடியாது, நினைவிலிருந்து எழுதினேன் என்பது அங்கே எடுபடாது. குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்று இருந்தால் கட்டுரையின் முடிவில் இரண்டு வரி போதும்: ‘இக்கட்டுரையின் தலைப்புகளும் அவற்றின் வரிசையும் ஒரு ஏஐ சாட்பாட்டின் பதிலைப் படித்ததிலிருந்து பெற்றவை. வாக்கியங்கள் நான் எழுதியவை, தகவல்களை மூலங்களில் சரிபார்த்தேன்.’ ‘எழுத்தைச் செம்மைப்படுத்த ஏஐ உதவியது’ என்று மட்டும் போடாதீர்கள், பலர் போடுகிறார்கள், உங்கள் விஷயத்தில் அது தலைகீழ், எழுத்து உங்களுடையது, கட்டமைப்புதான் உதவி. விதி எதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சலில் நடந்ததைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், சமர்ப்பிப்பதற்கு முன்னால்.

தேர்வுக்குப் படிக்க இதே முறையைப் பயன்படுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக. படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது, திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நீண்ட நாள் மனதில் நிற்கும் என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. அங்கே யாரும் இது உங்கள் கட்டுரையா என்று கேட்கப் போவதில்லை, உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். படிப்பதற்கு முன் பத்து நிமிடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதி, தேதி போட்டு வைத்துவிடுங்கள், அந்தத் தாள் இருந்தால் எது முன்பே உங்களிடம் இருந்தது, எது அப்புறம் வந்தது என்பதில் பின்னால் குழப்பம் வராது. மூலம் தவறாக இருந்தால் தவறும் அதே உறுதியோடு மனதில் நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபிளெமிங் உங்களுக்கு அப்படித்தான் மாறிப்போனார்.

புதுக் கட்டுரையை முடித்ததும் அனுப்புங்கள், அந்தப் பண்ணை விஷயம் எங்கே போய் நின்றது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.